குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்: இரண்டரை ஆண்டுச் சிகிச்சை பற்றிப் பெற்றோர் கேட்பவை

இங்கே பேசப்படுவது ஏ.எல்.எல். எனப்படும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா மட்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் கூடுதலாகக் காணப்படுகிறது. ஏ.எம்.எல். என்ற இன்னொரு வகைக்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. உங்கள் ஃபைலில் எது எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. பிள்ளை பிழைக்குமா?"

பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பிழைப்பது மட்டுமல்ல, நோய் முழுதாக நீங்கி வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிறார்கள். வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் குணமாகிறார்கள். நம் நாட்டில் அந்த விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகிறது, சராசரி குறைவுதான். நம் பிள்ளைகளுக்கு வரும் நோய் வேறு என்பது இதற்குப் பெரிய காரணமில்லை. தாமதமாக வந்து சேர்வது, சிகிச்சையின் நடுவில் வரும் தொற்று, பாதியில் நிறுத்திவிடுவது ஆகிய மூன்றும்தான் பெரும் பங்கு வகிக்கின்றன. மூன்றையும் குறைக்க வழி இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சில விவரங்களை வைத்து மருத்துவர் சொல்வார். வயது ஒன்று முதல் பத்துக்குள், ஆரம்பத்தில் வெள்ளை அணுக்கள் 50,000-க்குக் கீழ் என்றால் நல்ல அறிகுறி. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கு வந்தால் கடினம். புற்றணுக்களின் குரோமோசோம் சோதனையும் இதில் சேரும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது எம்ஆர்டி என்ற சோதனை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

"பெரியவங்களுக்கு வந்தா பிழைக்கிறது கஷ்டம்ங்கிறாங்க. குழந்தைக்கு மட்டும் எப்படி சரியாகுது?"

முதல் காரணம், நோய் அணுவின் குணமே வேறு. குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் ஒரு வகையில், ஒவ்வொரு புற்றணுவிலும் 46-க்குப் பதிலாக ஐம்பதுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கும். அப்படிப்பட்ட அணு மெத்தோட்ரெக்சேட் மருந்தை மற்ற அணுக்களைவிட அதிகமாகத் தனக்குள் சேர்த்துக்கொண்டு, அதனாலேயே சாகிறது. பெரியவர்களிடம் இந்த வகை அரிது. அவர்களிடம் கால்பங்குக்கு வரும் பிலடெல்பியா குரோமோசோம் என்ற கடினமான வகை, குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடமே இருக்கிறது. தவிர, சிறு உடல் வலுவான கீமோவைத் தாங்கி எழுந்துவிடும்.

இரண்டாவது காரணம், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நோயை விடாமல் ஆராய்ந்தது. 1940-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலம் கொடுத்தால் லுகீமியா இன்னும் வேகமெடுப்பதைக் கவனித்தார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்து நோயை அடக்க வேண்டும் அல்லவா? அந்த மருந்தான அமினோப்டெரினை அவருக்குத் தந்தது லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் வழிநடத்திய குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். 1948-இல் வெளியான முடிவில் குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள்; ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. இன்று உங்கள் பிள்ளை வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்தின் உடன்பிறப்பு.

1960-களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கல் ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு மருந்தும் தனித்தனியாகத் தோற்றால், எல்லாவற்றையும் சேர்த்து, முறைப்படி, ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் நோய் மறைந்த பிறகும் மூளை, தண்டுவட நீரில் ஒளிந்திருந்த அணுக்கள்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. அங்கேயும் மருந்து போக வேண்டும். அவர் சிகிச்சையில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் குணமானார்கள். 1970-களில் பெர்லினில் ஹன்ஸ்யோர்க் ரீம், நோய் அடங்கிய பின் மறுபடி ஒருமுறை கடுமையாக அடிக்கும் கட்டத்தைச் சேர்த்தார். இன்றைய எல்லா புரோட்டோகால்களும் இந்த இருவர் போட்ட பாதையில்தான் நடக்கின்றன.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெற்றோர் பலர் "வெளிநாட்டிலிருந்து புது மருந்து வரவழைக்கலாமா" என்று தவிக்கிறார்கள். குணமாக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையவை, பல மலிவானவை. பலன் வந்தது அவற்றை எந்த வரிசையில், எந்த அளவில், எவ்வளவு காலம் கொடுப்பது என்று கற்றுக்கொண்டதில்தான். பிளினாட்டுமோமாப் என்ற புது மருந்தைச் சேர்த்தால் நோய் திரும்புவது இன்னும் குறைகிறது என்று 2024-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது உண்மைதான். அதன் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. ஆனால் அது பழைய வரிசையோடு சேர்த்துத் தரப்பட்டது, அதற்குப் பதிலாக அல்ல.

"ஒரு மாசத்துலயே நோய் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு வருஷம்?"

இதுதான் வார்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் பலர் விடுவதும் இந்த இடத்தில்தான்.

நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் பிள்ளையின் உடலில் ஒரு லட்சம் கோடி அளவுக்குப் புற்றணுக்கள் இருக்கும். முதல் கட்டமான இண்டக்ஷன் நான்கைந்து வாரம் நடக்கும். ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், சிலருக்கு டானோரூபிசின், கூடவே தண்டுவட நீருக்குள் மருந்து போக முதுகில் ஊசி. இதன் முடிவில் எலும்பு மஜ்ஜையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நூற்றில் 95-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நோய் தெரியாது. ஆனால் தெரியாமல் போவதற்கு நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலே போதும். அப்போதும் உள்ளே ஆயிரம் கோடி அணுக்கள் இருக்கலாம்.

எம்ஆர்டி சோதனை இதற்காகத்தான். பத்தாயிரம் அணுக்களில் ஒன்று புற்றணுவாக இருந்தாலும் அது காட்டிவிடும். முதல் கட்டம் முடியும்போது எம்ஆர்டி 0.01 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்ல செய்தி. மேலே இருந்தால் அடுத்த கட்டங்களின் மருந்தைக் கூட்டுவார்கள். "நெகட்டிவ்" என்று வந்தாலும் அதற்குக் கீழே சோதனைக்கு எட்டாத அணுக்கள் மிச்சம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

அதன் பின் வரும் ஆறு முதல் ஒன்பது மாதங்களில், மிச்ச அணுக்களைக் குறைக்கும் கன்சாலிடேஷன், இடைக்காலக் கட்டம், ரீம் சேர்த்த அந்த மறுதாக்குதல் எல்லாம் நடக்கும். கடைசியாக, ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நீளும் மெயின்டனன்ஸ். வேகமாகப் பெருகும் அணுக்களைக் கடும் கீமோ கொன்றுவிடும். தூங்கிக்கொண்டு எப்போதாவது ஒன்று விழித்துப் பிரியும் அணுவை அது தவறவிடும். அந்த அணு விழிக்கிற நாளில் உடலில் மருந்து இருக்க வேண்டும். ஜப்பானில் மொத்தச் சிகிச்சையையும் ஓராண்டில் முடித்துப் பார்த்தார்கள். நோய் திரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. யாரும் அந்தச் சோதனையை மறுபடி உங்கள் பிள்ளையிடம் செய்து பார்க்க வேண்டாம்.

"மெயின்டனன்ஸ்ல வீட்டுலயே மாத்திரைதானே? அதுல நாங்க என்ன கவனிக்கணும்?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துக்கொண்ட வேலை உங்கள் கைக்கு வருவது இப்போதுதான். ஒரு பிள்ளையை எடுத்து வழிமுறையை முழுதாகப் பார்த்துவிடலாம். அளவுகள் கணக்கு புரிவதற்காக மட்டும். உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர் எழுதியதே அளவு.

ஐந்து வயது, 17 கிலோ, உயரம் 105 செ.மீ. கீமோ அளவை எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை; உடலின் மேற்பரப்பை வைத்துப் போடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு அது 0.7 சதுர மீட்டர். மெர்கப்டோப்யூரின் என்ற 6-எம்பி மாத்திரை சதுர மீட்டருக்கு 60 மி.கி. என்று எழுதினால் தினம் 42 மி.கி. கடையில் கிடைப்பது 50 மி.கி. மாத்திரை. தினமும் 42 வெட்ட முடியாது. அதனால் வாரக் கணக்காகப் போடுவார்கள். வாரத்துக்கு 294, அதாவது ஆறு மாத்திரை. ஐந்து நாள் முழு மாத்திரை, இரண்டு நாள் அரை மாத்திரை. எந்த இரண்டு நாள் என்று காலண்டரில் பேனாவால் குறித்துவிடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் சதுர மீட்டருக்கு 20 மி.கி. என்றால் 14 மி.கி.; 2.5 மி.கி. மாத்திரையில் ஐந்தரை. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். வியாழன் என்றால் எல்லா வாரமும் வியாழன். இதைத் தினமும் கொடுத்துவிட்டால் வாய் முழுதும் புண்ணாகி, அணுக்கள் அடியோடு விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகள் என்பதால் பாட்டி கொடுக்கும் நாளில் மாறிப்போகிறது. இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் டப்பாவின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். மாத்திரை வாங்கும்போது அட்டையில் மி.கி. எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்; கடைக்காரர் 2.5-க்குப் பதில் 10 தந்தால் எண்ணிக்கையே தப்பாகிவிடும்.

6-எம்பியை முன்பெல்லாம் இரவு வெறும் வயிற்றில், பால் இல்லாமல் என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். அந்தக் கண்டிப்பால் நோய் திரும்புவது குறையவில்லை என்று பின்னால் தெரிந்தது. தினமும் தவறாமல் ஒரே நேரத்தில் கொடுப்பதுதான் முக்கியம். நூறு நாளில் ஐந்துக்கு மேல் தவறவிட்ட குடும்பங்களில் நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியதை அமெரிக்க ஆய்வு காட்டியது. ஐந்து நாள் என்பது ஒரு கல்யாணம், ஒரு கோயில் திருவிழா, ஊருக்குப் போய் மாத்திரையை மறந்த ஒரு வாரக் கடைசி. அவ்வளவுதான். தவறிப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். டைரியில் எழுதி, ஓபியில் உண்மையைச் சொல்லுங்கள்.

மாத்திரையை உடைக்கும்போது கையுறை போடுங்கள், துகளை ஊதாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் தாய் அந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

"கவுண்ட் குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சந்தோஷப்படுறாரு, ஏறினா கவலைப்படுறாரு. தலைகீழா இருக்கே?"

மெயின்டனன்ஸில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் அளவுகோல், கிருமியோடு போராடும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. ரிப்போர்ட்டில் ஏஎன்சி என்று இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே போடலாம். மொத்த வெள்ளை அணு 2,800, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் 1,120. பல மையங்களின் இலக்கு 500-க்கும் 1,500-க்கும் நடுவே. ஆக இது சரியான இடம், அளவை மாற்ற வேண்டாம்.

அடுத்த மாதம் 6,500, நியூட்ரோஃபில் 60 சதவீதம் என்று வந்தால் 3,900. பார்க்க ஆரோக்கியமான ரிப்போர்ட். ஆனால் பல வாரம் இப்படியே இருந்தால் மருந்து போதவில்லை, அல்லது உள்ளே போகவில்லை என்று பொருள். முதலில் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பார்கள். பிள்ளை வளர்ந்து எடை கூடியிருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு அளவைக் கூட்டுவார்கள். அந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாறாக 1,500, 25 சதவீதம் என்றால் 375. அப்போது மாத்திரையை நிறுத்தி, அணுக்கள் ஏறியதும் மறுபடி தொடங்குவார்கள். "நிறுத்தச் சொன்னாங்க" என்று மட்டும் நினைவில் வைத்து, மறுபடி தொடங்க வேண்டிய நாளை மறந்து ஒரு மாதம் கழித்து வருபவர்கள் உண்டு. நிறுத்தும் அன்றே அடுத்த ரத்தச் சோதனைத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

சில பிள்ளைகளுக்கு வழக்கமான அளவே அணுக்களைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். 6-எம்பியைச் செரிக்க உதவும் நட்15 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் அதற்கு ஒரு காரணம். ஐரோப்பியர்களைவிட நம்மிடமும் கிழக்காசியர்களிடமும் இது அதிகம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு அளவே போதுமானதாக இருக்கலாம். கவுண்ட் திரும்பத் திரும்ப விழுந்தால் இந்தச் சோதனை தேவையா என்று கேளுங்கள்.

"ராத்திரி காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் குடுத்துட்டு காலையில வரலாமா?"

கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் அந்த நேரத்திலேயே கிளம்ப வேண்டும். ஊர் தூரமென்றால் பக்கத்தில் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் தரக்கூடிய மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்தே உங்கள் வார்டுக்குப் போன் செய்யுங்கள். நியூட்ரோஃபில் இல்லாத பிள்ளைக்குச் சீழ் பிடிக்காது, இருமல் இருக்காது. காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். பாராசிட்டமால் அந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும்.

முதல் மாதத்தில் ஸ்டீராய்டு இருப்பதால் காய்ச்சலே வராமல் தொற்று முற்றலாம். பிள்ளை சோர்ந்து படுத்தே இருந்தால், கைகால் சில்லிட்டால், வயிறு வலித்தால் தெர்மாமீட்டரை நம்பாமல் வாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கவே கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தரும் கோட்ரிமாக்சசோல் மாத்திரை ஒரு வகை நிமோனியாவைத் தடுப்பதற்கு; "காய்ச்சல் இல்லையே" என்று அதை விட்டுவிடாதீர்கள்.

பள்ளியிலோ தெருவிலோ அம்மை கண்ட பிள்ளையோடு பழகியது தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். கொப்புளம் வரும்வரை காத்திருந்தால் தடுப்பதற்கான நேரம் போய்விடும். தம்பி தங்கைக்கு போலியோ சொட்டு மருந்து போடும் முன்பும் கேளுங்கள். அது உயிருள்ள கிருமி என்பதால் வீட்டில் ஊசி வடிவத்தையே விரும்புவார்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்டு அழறான். ஆளே மாறிட்டான்."

அது ஸ்டீராய்டு. ரசம் சோறு தின்று முடித்த கையோடு அப்பளம் கேட்பான், அது தீர்ந்ததும் தோசை. தராவிட்டால் அம்மாவை அடிப்பான். முகம் உப்பும், தொட்டதற்கெல்லாம் அழுவான். அந்த மருந்து நின்று ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பிள்ளை திரும்பி வருவான். கேட்கும்போது கொடுங்கள், உப்பையும் இனிப்பையும் மட்டும் குறையுங்கள், ஏனெனில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் காலம் அது. அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போனால் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.

வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பிறகு மலச்சிக்கலும் தாடை வலியும் வரும். கால்விரல்களைத் தரையில் தேய்த்து நடந்தாலோ, மாடி ஏறத் தடுமாறினாலோ அதுவும் இதனால்தான். சொன்னால் அளவைப் பார்ப்பார்கள், பிசியோதெரபி தருவார்கள். அஸ்பராஜினேஸ் காலத்தில் கடுமையான வயிற்று வலியோ தலைவலியோ வந்தால் உடனே வர வேண்டும். கணையம் வீங்கியிருக்கிறதா, ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ரத்தம் ஊற டானிக், மூலிகை ஏதாவது குடுக்கலாமா?"

ஃபோலிக் ஆசிட் கலந்த டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் எதைத் தடுக்கிறதோ அதையே கையில் எடுத்துக் கொடுப்பதாகிவிடும். ஃபார்பர் பார்த்தது இதைத்தான். மூலிகைகள் ஈரலில் என்ன செய்யும் என்று கணிக்க முடியாது. ஈரல் கெட்டால் கீமோ நிற்கும். சாப்பாடு வழக்கம் போல இருக்கட்டும்: சூடான இட்லி, நன்கு வெந்த முட்டை, பருப்பு, கழுவித் தோல் உரித்த பழம். தெருவோரச் சாறும் பச்சை முட்டையும் வேண்டாம்.

"செலவும் அலைச்சலும் தாங்கல. கொஞ்ச நாள் நிறுத்திட்டு அப்புறம் வரலாமா?"

நான்கு வாரம் தொடர்ந்து வராவிட்டால் அதைச் சிகிச்சையைக் கைவிட்டதாகவே உலகம் முழுவதும் கணக்கிடுகிறார்கள். அதற்குப் பிறகு திரும்பி வரும் நோய் பழைய மருந்துகளுக்கு எளிதில் மசியாது, செலவோ பல மடங்கு. ஆகவே நிறுத்தும் முன் வார்டின் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் இதற்கு உண்டு. ரயில் கட்டணச் சலுகை உண்டு. பெரிய மையங்கள் பலவற்றில் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. மெயின்டனன்ஸின் மாதாந்திர ரத்தச் சோதனையை உள்ளூரிலேயே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பினால் போதுமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்; ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

"மாத்திரை நிறுத்தியாச்சு. இனி எதைப் பார்க்கணும்?"

நோய் திரும்புவதென்றால் நிறுத்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வாய்ப்பு அதிகம். குறையாத எலும்பு வலி, புதிதாக வரும் நீலத் திட்டுகள், காலையில் தலைவலியோடு வாந்தி, ஆண் பிள்ளைக்கு வலியில்லாமல் விரை வீங்குவது ஆகியவற்றுக்குக் காத்திருக்காமல் வாருங்கள். விரையைக் குளிப்பாட்டும்போது பார்க்கலாம். பிள்ளை தானாகச் சொல்லாது.

கோட்ரிமாக்சசோல் இன்னும் சில மாதம் தொடரும், எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். தடுப்பூசிகளை ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும். டானோரூபிசின், டாக்சோரூபிசின் போன்றவை பெற்ற பிள்ளைக்கு எத்தனை மி.கி. மொத்தம் போனது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, லேமினேட் செய்து வையுங்கள். இருபது வயதில் வேறு ஊரில் வேறு மருத்துவர் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய அந்த எண்தான் வேண்டும்.